கட்டாக்காலி மாடும் கட்டாத வாரும்: ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தை ஒன்பது கட்டங்களில் பார்ப்பது

கேள்வி: "நிலாவெளிப் பக்கம் எங்கட கிராம அபிவிருத்திச் சங்கத்தில செயலாளரா இருக்கிறன். போன மாதம் இரவு எட்டு மணியளவில எங்கட பொடியன் ஒருவன், சிநேகிதனைப் பின்னால ஏத்திக்கொண்டு டவுனில இருந்து வரேக்க, ரோட்டில படுத்திருந்த மாட்டில அடிபட்டு விழுந்திட்டான். ஹெல்மெட் கழண்டு தூரப் போய்க் கிடந்தது. ஆட்டோவில தூக்கிப் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை. இன்னும் வார்ட்டிலதான் இருக்கிறான். சிநேகிதனுக்கு ஒண்டுமில்லை. ஒரு பயிற்சியில எங்களுக்கு ஹடன் அட்டவணை எண்டு தந்தவை. முன், நேரம், பின் எண்டு மூண்டு நிரை. ஆள், வாகனம், சூழல் எண்டு மூண்டு நிரல். கூட்டத்தில இருந்து நிரப்பினம். எல்லாக் கட்டத்திலயும் 'கவனமா ஓடவேணும்' எண்டுதான் வந்து நிக்குது. இதை என்னெண்டு நிரப்பிறது, டொக்டர்?"

பதில்:

'கவனமாக ஓட வேண்டும்' என்பது ஒரேயொரு கட்டத்துக்குத்தான் விடையாக முடியும். அது முதல் நிரையில் 'ஆள்' என்ற கட்டம். அதே விடையை மற்ற எட்டிலும் எழுதியிருக்கிறீர்கள் என்றால், கூட்டத்தில் இருந்தவர்கள் 'யாரில் பிழை?' என்ற கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த அட்டவணை கேட்பது வேறு கேள்வி: 'அந்த உடம்பில் போய் இறங்கிய விசையை எந்த இடத்தில், எதைக் கொண்டு குறைத்திருக்கலாம்?'

வில்லியம் ஹடன் ஒரு அமெரிக்க மருத்துவர். 1966இல் அந்நாட்டு அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு முதல் தலைவராக வந்தவர். தொற்றுநோயை ஆராயும் முறையை அவர் காயங்களுக்குப் பொருத்தினார். டெங்குவில் நோயை உண்டாக்குவது வைரசு, அதைக் கொண்டுவந்து சேர்ப்பது நுளம், வாங்கிக்கொள்வது மனிதன், இதெல்லாம் நடக்கும் இடம் சூழல். வீதிக் காயத்தில் நோயை உண்டாக்குவது இயக்கச் சக்தி. மோட்டார் சைக்கிள் அதைச் சுமந்து வரும் நுளம் மாதிரி. ஆகவே உங்கள் நடு நிரலில் 'வாகனம்' என்பதற்குப் பக்கத்தில் 'சக்தி' என்றும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சொல் இல்லாமல் அந்த நிரலை நிரப்ப முற்பட்டால் 'வண்டியை ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும்' என்பதற்கு மேல் ஒன்றும் வராது.

இனி உங்கள் ஊர் விபத்தையே எடுத்து நிரப்புவோம். பொதுவாக 'விபத்துகள்' என்று எழுதினால் கட்டங்களும் பொதுவாகத்தான் நிரம்பும். ஒரு விபத்தை, அதன் நேரம், இடம், வெளிச்சம் எல்லாவற்றோடும் எடுத்தால்தான் அட்டவணை வேலை செய்யும்.

முதல் நிரையில் வாகனத்தையும் சக்தியையும் முதலில் பார்க்கிறேன், ஏனென்றால் கணக்கு அங்கேதான் இருக்கிறது. டிம் வெளிச்சத்தில் வரும் ஒருவருக்கு, வீதியில் படுத்திருக்கும் கருநிற மாடு 25 மீற்றர் தூரத்தில் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்டு, உணர்ந்து, பிறேக்கைப் பிடிக்க ஒரு செக்கன் ஆகும். காய்ந்த தாரில் முன், பின் பிறேக் இரண்டையும் ஓரளவு நன்றாகப் பிடித்தால், ஒவ்வொரு செக்கனுக்கும் வேகம் மணிக்கு 18 கிலோமீற்றர் வீதம் குறையும். 40இல் வந்தவர் அந்த ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடிவிடுவார், பிறகு 12 மீற்றரில் நிற்பார். மொத்தம் 23 மீற்றர். மாட்டுக்கு முன்னால் மயிரிழையில் நின்றுவிடுகிறார். 60இல் வந்தவர் பிறேக்கைத் தொடுவதற்குள்ளேயே கிட்டத்தட்ட 17 மீற்றர் போய்விடுவார். மிஞ்சிய 8 மீற்றரில் அவரால் எவ்வளவு குறைக்க முடியும்? மாட்டில் மோதும்போது அவருடைய வேகம் இன்னும் 50. இருபது கிலோமீற்றர் வேக வித்தியாசம், ஒருவரை நிறுத்துகிறது, மற்றவரை 50இல் மோத விடுகிறது. பிறேக்கைத் தொடுமுன் ஓடிவிடும் தூரமும், வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் சக்தியும் சேர்ந்து செய்யும் வினை இது.

இதே கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. முன் பிறேக்கைப் பிடித்தால் வண்டி குத்துக்கரணம் போடும் என்ற பயம் எங்கள் பக்கத்தில் பலருக்கு உண்டு. அதனால் காலால் பின் பிறேக்கை மட்டும் மிதிப்பார்கள். பிறேக் பிடிக்கும்போது பாரம் முன் சில்லுக்குப் போகிறது, பின் சில்லு இலேசாகி இழுபடுகிறது. நிறுத்தும் பலத்தின் பெரும்பங்கு முன் சில்லில்தான். பின் பிறேக்கை மட்டும் நம்பினால், 40இல் வந்தவர்கூட அந்த 25 மீற்றரில் நிற்கமாட்டார், 23 அளவு வேகத்தில் மோதுவார். முன் பிறேக்கை வெடுக்கென்று இழுக்காமல், படிப்படியாக அழுத்திப் பிடிக்கப் பழக வேண்டும். வெறுமையான மைதானத்தில் 30 வேகத்தில் பத்துத் தரம் பழகினாலே கை அறிந்துகொள்ளும். மணல் படிந்த வீதியில் இந்தக் கணக்கு முழுவதும் கெட்டுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரையோர வீதிகளில், அதுவும் வளைவுகளிலும் ஒழுங்கைகள் வந்து சேரும் இடங்களிலும், மணல் எப்போதும் இருக்கும்.

25 மீற்றர் என்ற அந்த எண்ணைக் கூட்டவும் வழி இருக்கிறது. பின்னால் ஆள் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் அமிழ்ந்து, முன் லைட் மேலே பார்க்கிறது. எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும் வெளிச்சம் வீதிக்கு வராது. சரிபார்ப்பது எளிது. சமதரையில், சுவருக்கு 5 மீற்றர் தள்ளி, இரண்டு பேரும் ஏறி இருக்க வண்டியை நிமிர்த்திப் பிடித்து டிம் லைட்டைப் போடுங்கள். சுவரில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு, லைட்டின் நடு உயரத்தைவிட 5 முதல் 10 சென்ரிமீற்றர் கீழே விழ வேண்டும். அதற்கு மேலே போனால் லைட்டின் ஆணியைத் தளர்த்திக் கீழே இறக்குங்கள். கண்ணாடி மஞ்சள் பூத்திருந்தால் அதை மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

முதல் நிரையின் சூழல் கட்டம்தான் உங்கள் சங்கத்தின் கையில் அதிகம் இருப்பது. மாடு ஏன் வீதியில் படுக்கிறது? பகல் வெயிலைக் குடித்த தார் இரவிலும் சூடாக இருக்கிறது. மாரியில் சுற்றுநிலம் ஈரமாகும்போது காய்ந்த மேடு அதுதான். அங்கே காற்றும் அடிக்கும், நுளம் குறைவு. ஆகவே சாரதிக்கு எவ்வளவு புத்தி சொன்னாலும் மாடு நாளைக்கும் அங்கேதான் வந்து படுக்கும். கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைத்து, உரிமையாளரிடம் தண்டமும் பராமரிப்புச் செலவும் அறவிட பிரதேச சபைக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் பிடித்த மாட்டை அடைக்க இடமும், தீனி போட ஆளும் இல்லாவிட்டால் நடவடிக்கை ஒரு கிழமையோடு நின்றுவிடும். சபைக்குக் கடிதம் எழுதும்போது 'மாடுகளால் தொல்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த மதகுக்கும் எந்த மதகுக்கும் இடையில், எத்தனை மணிக்கு, எத்தனை மாடு என்று எழுதுங்கள். மாடுகளை அடைக்க இடம் தர முடியுமானால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மாட்டுக்காரரோடு பேசும்போது, அந்த மாடும் அன்று செத்திருக்கலாம் என்பதை நினைவூட்டலாம், அது அவருடைய முதல். இருட்டும் முன் அடைப்பதுதான் சரியான வழி. அது உடனே நடக்காது என்றால், கழுத்தில் ஒளி தெறிக்கும் பட்டி கட்டுவது இடைக்கால ஏற்பாடு. அதன் குறையையும் அறிந்திருங்கள். மாடு கழுத்தை மடித்துப் படுத்தால் பட்டி மறைந்துபோகும், சேறு படிந்தால் ஒளி தெறிக்காது. கழுத்தில் ஒன்றும் இரண்டு கொம்புகளிலும் சுற்றி ஒட்டியதுமாக இருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஏதோ ஒன்று லைட்டில் மின்னும்.

இனி நடு நிரை. மோதிய பிறகு ஒரு செக்கனுக்கும் குறைவான நேரத்தில் நடப்பது இது. எந்தப் போதனையும் அந்த நேரத்தில் உதவாது. ஏற்கெனவே உடம்பில் இருப்பதும் வீதியோரத்தில் இருப்பதும்தான் பேசும். இந்த நிரையை மக்கள் வெறுமையாக விடுகிறார்கள், காரணம் 'விபத்து நடந்துவிட்டால் இனி என்ன?' என்ற எண்ணம். ஹடன் வாதாடியது இந்த எண்ணத்துக்கு எதிராகத்தான். மோதல் நடந்தும் காயம் படாமல் இருக்கலாம்.

ஹெல்மெட் கழன்று போனது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில்தான் அந்தப் பிள்ளையின் தலைக்காயத்தின் பெரும்பகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். '60இல் போனவனுக்கு ஹெல்மெட் என்ன செய்யும்?' என்று கேட்பார்கள். வண்டியிலிருந்து விழுபவரின் தலை ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து தாருக்கு வருகிறது. அந்த உயரத்திலிருந்து விழும் எதுவும் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில்தான் தரையில் குத்தும், வண்டி 30இல் வந்தாலும் 70இல் வந்தாலும் அது மாறாது. முன்னோக்கிய வேகம் பெரும்பாலும் உரசலிலும் சறுக்கலிலும் செலவாகிறது. தலைக்கவசங்களைச் சோதிக்கும் அடியும் இந்த அளவை ஒட்டியதுதான், அல்லது இதைவிடச் சற்றுக் கூடியது. உள்ளே இருக்கும் வெள்ளை நுரை இரண்டரை முதல் மூன்று சென்ரிமீற்றர் தடிப்பானது. அது நசுங்கிக்கொண்டு தலையை நிறுத்துகிறது. வெறுந்தலை சில மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டியிருக்கும். நிற்கும் தூரம் ஐந்து மடங்கு கூடினால் மூளையை உலுக்கும் விசை ஐந்தில் ஒன்றாகும். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஹெல்மெட் இறப்பை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. மின்கம்பத்தில் தலை நேரே மோதினால் அது காப்பாற்றாமல் போகலாம். அந்த எல்லை உண்டு. ஆனாலும் வார் கட்டாத ஹெல்மெட்டுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பொருந்தாது. முதல் அதிர்விலேயே அது போய்விடும், தலை தாரைத் தொடும்போது வெறுந்தலைதான்.

வார் கட்டியும் கழலலாம். அதற்கொரு சோதனை இருக்கிறது. ஹெல்மெட்டைப் போட்டு, வாரை நாடிக்குக் கீழே இரண்டு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கிக்கொள்ளுங்கள். தலையைக் குனியுங்கள். இன்னொருவர் பின்னால் நின்று, ஹெல்மெட்டின் பின் விளிம்பில் விரல்களைக் கொடுத்து மேலேயும் முன்னேயும் தள்ளட்டும். கண்ணுக்கு மேலாக உருண்டு கழன்று வந்தால் அது உங்கள் தலைக்குப் பெரிது. சந்தியில் பொலிஸாருக்குக் காட்ட மட்டும்தான் உதவும். எஸ்.எல்.எஸ். முத்திரையைப் பாருங்கள். உள்துணியைக் கொஞ்சம் விலக்கிப் பெருவிரலால் அழுத்துங்கள். விறைப்பான நுரை இருக்க வேண்டும், மெத்தைபோல அமிழும் பஞ்சு மட்டும் இருந்தால் அது வெயிலுக்கான தொப்பி. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டில் நுரை நசுங்கித்தான் இருக்கும், வெளியே கீறல் இல்லாவிட்டாலும். அந்தப் பிள்ளையின் ஹெல்மெட்டை வேறு யாரும் எடுத்துப் போடாமல் உடைத்து எறியச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவருக்கும் இதே அளவு, இதே வார். இரவல் ஹெல்மெட் பெரும்பாலும் பின்னால் இருப்பவருக்குத்தான் போகிறது, அதுதான் தலைக்குப் பொருந்தாததும்.

அதே நிரையில் சூழல் என்றால் வீதியோரம். விழுந்து சறுக்கிப்போகும் உடம்பு ஒன்றிலும் முட்டாமல் நின்றால் பெரும்பாலும் தோல் உரசலோடும் ஓரிரு எலும்பு முறிவோடும் தப்பும். முட்கம்பி வேலியின் கொங்கிறீற் கட்டையிலோ, வீடு கட்டப் பறித்துவிட்ட கருங்கல்லிலோ முட்டினால் நிலைமை வேறு. அன்று அவர் விழுந்து நின்ற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். ஓரத்தில் ஒரு மீற்றருக்குள் என்னென்ன கிடக்கிறது? கல்லையும் மணலையும் எடுப்பிப்பது அரை நாள் சிரமதானம். வேலிக் கட்டையை அரை மீற்றர் உள்ளே தள்ளுவது அடுத்த முறை வேலி புதுப்பிக்கும்போது செய்யலாம்.

மூன்றாவது நிரைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்த வரி ஆட்டோ வரிதான். தூக்கியவர்கள் நல்ல மனதோடுதான் தூக்கியிருப்பார்கள். ஆனால் மயங்கிய ஒருவரை ஆட்டோவின் பின் ஆசனத்தில் மடித்து வைத்தால் நாடி நெஞ்சில் முட்டுகிறது, நாக்கு பின்னால் விழுகிறது, மூச்சுக்குழல் அடைகிறது. தலையில் அடிபட்ட மூளைக்கு அந்தப் பத்து, பதினைந்து நிமிட ஒட்சிசன் குறைவு, விழுந்த அடிக்கு மேல் இன்னோர் அடி. கழுத்தெலும்பு உடைந்திருந்தால், மடங்கும் கழுத்தில் முண்ணாணும் சிதையலாம்.

முதலில் யாராவது ஒருவர் 1990க்கு அழைக்க வேண்டும், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 'நிலாவெளி ரோட்டில்' என்று சொன்னால் போதாது. கிலோமீற்றர் கல்லையோ, மதகில் எழுதியிருக்கும் இலக்கத்தையோ சொல்லுங்கள். இரண்டு பேர் வண்டிகளோடு இருபக்கமும் ஐம்பது மீற்றர் தள்ளிப் போய் லைட்டைப் போட்டு வாகனங்களை மறிக்கட்டும், இல்லாவிட்டால் அதே இடத்தில் இரண்டாவது விபத்து நடக்கும். வண்டியின் திறப்பை நிறுத்தி, பெற்றோல் ஒழுகினால் ஆட்களைத் தள்ளி வையுங்கள். வாகன நிரலுக்கு இந்த நிரையில் அவ்வளவுதான்.

அடிபட்டவர் மூச்சு விடுகிறார், சத்தமில்லாமல் விடுகிறார் என்றால் கிடந்தபடியே விடுங்கள். ஒருவர் தலைமாட்டில் முழந்தாளிட்டு, தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடிக்கட்டும். ஹெல்மெட் தலையிலேயே இருந்தால் அதன் முன் கண்ணாடியை மட்டும் உயர்த்துங்கள். வாந்தி வருகிறது, கொறகொறவென்று சத்தம் வருகிறது என்றால், தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்க, மூன்று பேராகச் சேர்ந்து பக்கவாட்டில் திருப்புங்கள். மூச்சே இல்லையென்றாலோ, ஹெல்மெட் மூச்சை அடைத்தாலோதான் அதைக் கழற்ற வேண்டும். அப்போதும் ஒருவர் கீழிருந்து நாடியையும் பிடரியையும் தாங்க, மற்றவர் இரு பக்கமும் அகட்டி நேரே இழுக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் கழற்றியதும் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. இரத்தம் பாயும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள், பத்து நிமிடத்துக்கு எடுத்தெடுத்துப் பார்க்க வேண்டாம். சோடா, தண்ணீர் எதுவும் பருக்க வேண்டாம், அது சுவாசப்பைக்குப் போகும், சத்திர சிகிச்சையையும் சிக்கலாக்கும்.

சிநேகிதனைப் பற்றியும் ஒன்று. தலையில் அடிபட்டு, எழுந்து நின்று நன்றாகப் பேசிய ஒருவர், சில மணி நேரம் கழித்து மயங்குவது உண்டு. மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையில் இரத்தம் மெல்லக் கட்டுவதால் அது வருகிறது. விழுந்தவர் யாராயிருந்தாலும் அன்றிரவே மருத்துவர் பார்க்க வேண்டும், 24 மணி நேரம் தனியே விடக்கூடாது. கூடிக்கொண்டு போகும் தலையிடி, திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக் கலக்கம், குழறும் பேச்சு, ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாவது, இதில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஒரு மாதம் போய்விட்டது, என்றாலும் அவருக்கு இப்போது தலையிடி கூடி வருகிறதா என்று கேளுங்கள். இருந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அட்டவணை நிரம்பியதும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். 1998இல் கரோல் ரன்யன் என்ற ஆய்வாளர் இந்த அட்டவணைக்கு ஒரு மூன்றாவது பரிமாணத்தைச் சேர்த்தார். ஒவ்வொரு கட்டத்திலும் எழுதிய யோசனையை, பலன் தருமா, செலவு எவ்வளவு, எல்லாருக்கும் நியாயமா, ஆட்களின் சுதந்திரத்தை எவ்வளவு தொடும், யாரையாவது அவமானப்படுத்துமா, ஊர் ஏற்குமா, செய்ய முடியுமா என்று கேட்டுக் கழிப்பது. வீதி விளக்கு முழு நீளத்துக்கும் நல்ல யோசனைதான், ஆனால் சங்கத்தின் கையில் இல்லை. விழுந்தவரின் படத்தைச் சந்தியில் ஒட்டுவது செலவில்லாதது, ஆனால் அந்தக் குடும்பத்தை நோகடிக்கும். அதைச் செய்யவே வேண்டாம். என் கணிப்பில் உங்களுக்கு மூன்று போதும்: மாடு, ஹெல்மெட்டின் பொருத்தமும் வாரும், சந்தியில் நிற்கும் ஆட்டோக்காரருக்கும் வீதியோரக் கடைக்காரருக்கும் முதலுதவிப் பயிற்சி. விபத்து இடத்துக்கு முதலில் ஓடி வருபவர்கள் அவர்கள்தான். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் சென் ஜோன் அம்புலன்ஸ் படையணியிடமும் பயிற்சி கேட்கலாம்.

பலன் வருகிறதா என்பதை விபத்து எண்ணிக்கையில் தேட வேண்டாம். ஓர் ஊரில் வருடத்துக்கு நடக்கும் பெரிய விபத்துகள் கை விரலுக்குள் அடங்கும். இந்த வருடம் நான்கு, அடுத்த வருடம் இரண்டு என்றால் அது உங்கள் வேலையாலா, தற்செயலாலா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு முந்திய படியை எண்ணுங்கள். கிழமைக்கு ஒரு குறித்த இரவு, எட்டு மணிக்கு, குறித்த இரண்டு மதகுகளுக்கு இடையில் வீதியில் நிற்கும், படுத்திருக்கும் மாடுகள் எத்தனை. அதேபோல ஒரு சந்தியில் அரை மணி நேரம், கடக்கும் மோட்டார் சைக்கிள்களில் ஓடுபவர் எத்தனை பேர் வார் கட்டியிருக்கிறார்கள், பின்னால் இருப்பவர் எத்தனை பேர் என்று தனித்தனியே. எண்ணுபவர் வீதியோரம் கண்ணுக்குப் படாமல் நிற்க வேண்டும். கொப்பியும் ரோச்சும் கையில் இருப்பதைக் கண்டால் ஆட்கள் வாரை மாட்டிவிடுவார்கள். வேலை தொடங்கும் முன்னரே நான்கு கிழமை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். மாரி தொடங்கினால் மாடுகள் வீதிக்கு வருவது தானாகவே கூடும், ஆகவே மாரியை மாரியோடும் கோடையைக் கோடையோடும் ஒப்பிடுங்கள். மூன்று மாதத்தில் வார் எண்ணிக்கை கூடி மாட்டு எண்ணிக்கை அப்படியே நின்றால், அந்தக் கொப்பியோடு பிரதேச சபைக்கும், வீதிக்குப் பொறுப்பான வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் போங்கள். எந்த மதகிலிருந்து எந்த மதகு வரை எச்சரிக்கைப் பலகையும் விளக்கும் வேண்டும் என்பதை அதைப் பார்த்தே சொல்லலாம்.